5 கேள்விக்கு 96 பக்கமா? – குறிப்பு நோட்டைப் பங்கு பிரிக்கும் கணக்கு

நம் அறக்கட்டளையின் மாலை நேரப் பயிற்சி வகுப்பில், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் சகோதரி ஒருவர் தம் குறிப்பு நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்று நீள நோட்டுகள். அழகான கையெழுத்து, இரண்டு நிற மை, அடிக்கோடு, படங்கள். கடந்த முறை தேர்வு எழுதிச் சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்தவர் அவர். "மிஸ், இவ்வளவு எழுதியும் பொது அறிவில்தான் மதிப்பெண் குறைந்துவிட்டது. இன்னும் என்ன எழுதணும்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

இன்னும் என்ன எழுதுவது என்று சொல்வதற்கு முன், எழுதியதை எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். பொது அறிவுக்கு மட்டும் 312 பக்கங்கள் இருந்தன. அறிவியல் 96, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 88, ஆட்சியியல் 46, புவியியல் 40, தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் 24, பொருளாதாரமும் தமிழகத்தில் வளர்ச்சி நிர்வாகமும் 18. இந்த எண்களைப் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது. அன்று நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே விளக்குகிறோம். வீட்டில் இந்தத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாடத்திட்டத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்

குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் 100 கேள்விகள் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. அதில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியில் பொது அறிவு 75 கேள்விகள், திறனறிவு 25 கேள்விகள்.

2025-ஆம் ஆண்டுத் தேர்வுக்காகத் திருத்தி வெளியிடப்பட்ட பாடத்திட்டத்தில், ஒவ்வோர் அலகின் தலைப்புக்குப் பக்கத்திலும் அந்த அலகிலிருந்து எத்தனை கேள்விகள் வரும் என்று அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். பலரும் தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொது அறிவில் அந்த எண்கள் இவை:

பொது அறிவியல் – 5
புவியியல் – 5
இந்தியாவின் வரலாறு, பண்பாடு மற்றும் தேசிய இயக்கம் – 10
இந்திய ஆட்சியியல் – 15
இந்தியப் பொருளாதாரமும் தமிழகத்தில் வளர்ச்சி நிர்வாகமும் – 20
தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு மற்றும் சமூக அரசியல் இயக்கங்கள் – 20

இப்போது அந்தச் சகோதரியின் நோட்டைப் பாருங்கள். 5 கேள்வி வரும் அறிவியலுக்கு 96 பக்கம். அதாவது ஒரு கேள்விக்கு 19 பக்கத்துக்கு மேல். 20 கேள்வி வரும் பொருளாதாரத்துக்கு 18 பக்கம். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்கூட இல்லை. கடைசி இரண்டு அலகுகள் சேர்ந்து 40 கேள்விகள், 60 மதிப்பெண். அந்த 60 மதிப்பெண்ணுக்கு அவர் நோட்டில் இருந்தது 42 பக்கம். 7½ மதிப்பெண் அறிவியலுக்கு இருந்ததில் அது பாதிகூட இல்லை.

இது அவருடைய கவனக்குறைவு என்று நாம் நினைக்கவில்லை. இப்படி ஆவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. முதல் காரணம், பாடத்திட்டத்தில் அறிவியல்தான் முதல் அலகு. புது நோட்டும் புது உற்சாகமும் அதற்கே போய்விடுகின்றன. இரண்டாவது, 5 கேள்விதான் என்றாலும் அதன் தலைப்புப் பட்டியல் நீளமானது. இயக்க விதிகள், மின்சாரம், ஒளி, ஒலி, அமிலம், காரம், உரங்கள், மரபியல், மனித நோய்கள், சுற்றுச்சூழல் என்று போய்க்கொண்டே இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் மதிப்பெண்ணும் அதிகம் என்று மனம் நம்பிவிடுகிறது. மூன்றாவது காரணம் முக்கியமானது. அறிவியலுக்குப் பள்ளிப் பாடநூல் ஒழுங்காகக் கையில் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொண்டே போகலாம். வளர்ச்சி நிர்வாகத்துக்கு அப்படி ஒரே புத்தகம் கிடையாது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பல பாடநூல்களிலும், அரசுத் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. எது எழுதச் சுலபமோ அதற்குப் பக்கம் கூடுகிறது. எது தேடி எடுக்கக் கடினமோ அதற்குக் குறைகிறது.

முதலில் மொத்தப் பக்கம் எத்தனை?

அலகுகளுக்குப் பங்கு பிரிப்பதற்கு முன், மொத்தம் எத்தனை பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். அதை நோட்டின் அளவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கடைசி நாட்களில் எத்தனை பக்கம் திரும்பப் படிக்க முடியும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விரிவாகப் படிக்கப் பாடநூல் இருக்கிறது. குறிப்பு நோட்டு என்பது தேர்வுக்கு முன் முழுதாகப் புரட்டிப் பார்ப்பதற்காக எழுதப்படுவது. அப்படிப் புரட்டி முடிக்க முடியாத குறிப்பை எழுதியும் பலனில்லை.

இந்தச் சகோதரிக்கு இரண்டு குழந்தைகள். பகலில் தையல் வேலை. இஷாவுக்குப் பிறகு குழந்தைகள் தூங்கியதும் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் பொது அறிவுக்கு. தேர்வுக்கு முந்தைய 10 இரவுகளைத் திரும்பப் பார்ப்பதற்கென்று ஒதுக்கினால் 900 நிமிடம். ஒரு முறை படித்தால் நிற்காது, இரண்டு முறையாவது படிக்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 450 நிமிடம். அவர் எழுதிய ஒரு பக்கத்தைக் கடிகாரம் வைத்துப் படிக்கச் சொன்னோம். ஏறக்குறைய 3 நிமிடம் ஆனது. 450 நிமிடத்தை 3-ஆல் வகுத்தால் 150 பக்கம். அவ்வளவுதான் அவருடைய கொள்ளளவு. 312 பக்கத்தையும் படிக்க 936 நிமிடம் வேண்டும். பத்து இரவுகளில் ஒரு சுற்றுகூட முடியாது. கடந்த முறை நடந்ததும் அதுவே. அறிவியலும் வரலாறும் முடிவதற்குள் தேர்வு நாள் வந்துவிட்டது. பின்னால் இருந்த இரண்டு பெரிய அலகுகளை அவர் திறக்கவே இல்லை.

உங்கள் வீட்டில் நேரம் வேறாக இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கலாம். அவரவர் நிமிடங்களை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும் ஊகமாகச் சொல்லாமல், கடிகாரத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

பங்கு பிரிப்பது

150 பக்கம், 75 கேள்வி. ஒரு கேள்விக்கு 2 பக்கம். இனி கணக்கு எளிது. அறிவியல் 10, புவியியல் 10, இந்திய வரலாறு 20, ஆட்சியியல் 30, பொருளாதாரமும் வளர்ச்சி நிர்வாகமும் 40, தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் 40. கூட்டினால் 150.

ஒன்றும் எழுதுவதற்கு முன்பே புதிய நோட்டில் பக்க எண் போட்டு, அலகுக்கு அலகு எல்லை குறித்துவிட வேண்டும். 1 முதல் 40 வரை தமிழ்நாட்டு வரலாறு, 41 முதல் 80 வரை பொருளாதாரம், 81 முதல் 110 வரை ஆட்சியியல், 111 முதல் 130 வரை இந்திய வரலாறு, கடைசி 20 பக்கம் புவியியலும் அறிவியலும். பெரிய அலகு முதலில் வருமாறு வரிசையை மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். நேரம் போதாமல் ஏதாவது விடுபட்டால், விடுபடுவது 5 கேள்வி அலகாக இருக்கட்டும், 20 கேள்வி அலகாக வேண்டாம். 200 பக்க நோட்டு வாங்கினால் மீதி 50 பக்கம் இருக்கும். அதை வேறொரு வேலைக்காகக் காலியாக விடச் சொன்னோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

அலகுக்குள் எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம் என்பதைப் பாடத்திட்டம் சொல்வதில்லை. அதற்குப் பழைய வினாத்தாள்கள் வேண்டும். tnpsc.gov.in தளத்தில் அவை கிடைக்கும். ஓர் அலகுக்கு உரிய கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தலைப்பு வாரியாக எண்ண வேண்டும். உதாரணமாக, தமிழ்நாட்டு வரலாற்று அலகுக்கு 40 பழைய கேள்விகள் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் திருக்குறள் 12, நீதிக்கட்சி முதல் சுயமரியாதை இயக்கம் வரையிலான சமூக அரசியல் இயக்கங்கள் 12, விடுதலைப் போரில் தமிழ்நாட்டின் பங்கு 8, தொல்லியலும் இலக்கியமும் 8 என்று வந்தால், அந்த அலகின் 40 பக்கத்தையும் அப்படியே 12, 12, 8, 8 என்று பிரித்துவிடலாம். பாடத்திட்டத்தில் பெயர் இருந்தும் பழைய தாளில் ஒரு கேள்விகூட வராத தலைப்பு ஏதாவது இருந்தால், அதற்கும் 2 பக்கமாவது கொடுங்கள். வராத கேள்வி அடுத்த முறை வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடத்திட்டம் திருத்தப்படுவதற்கு முந்தைய தாள்களில் அலகுகளுக்கு இடையிலான கேள்விப் பங்கு வேறு. ஆகவே அறிவியலுக்கு மொத்தம் எத்தனை, வரலாற்றுக்கு மொத்தம் எத்தனை என்று பழைய தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்குத் தற்போதைய பாடத்திட்டத்து எண் மட்டுமே ஆதாரம். பழைய தாள், ஓர் அலகின் உள்ளே பிரிப்பதற்கு மட்டும். புதிய அறிவிக்கை வரும்போது எண்கள் மாறியிருக்கின்றனவா என்றும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

96 பக்கத்தை 10 பக்கமாக்குவது எப்படி?

இந்த இடத்தில் சகோதரியின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு ராத்திரி முழிச்சு எழுதினதை எப்படி மிஸ் விடுறது?" என்றார். விட வேண்டாம், பழைய நோட்டு பத்திரமாக இருக்கட்டும், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம் என்றோம். புதிய நோட்டுக்குப் போவது, அவர் மறந்துபோகும் செய்தி மட்டும்.

அறிவியலின் 10 பக்கத்தை உயிரியலுக்கு 4, இயற்பியலுக்கு 3, வேதியியலுக்கு 2, சுற்றுச்சூழலுக்கு 1 என்று பிரித்துக்கொண்டார். பழைய நோட்டில் வைட்டமின்களுக்கு மட்டும் 5 பக்கம் இருந்தன. ஒவ்வொன்றின் பயன், கிடைக்கும் உணவு, குறைபாடு என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். அதில் எது ஏற்கெனவே நினைவில் இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டோம். பயன்களும் உணவுகளும் பெரும்பாலும் தெரிந்திருந்தன. குறைபாட்டு நோய்கள்தான் ஒன்றோடொன்று குழம்பின. ஆகவே புதிய நோட்டில் அரைப்பக்கப் பட்டியல் போதுமானதாக இருந்தது: வைட்டமின் ஏ – மாலைக்கண், பி1 – பெரிபெரி, சி – ஸ்கர்வி, டி – ரிக்கெட்ஸ் என்று ஒரு வரிக்கு ஒன்று.

பக்க எல்லையின் உண்மையான பயன் இதுதான். எல்லை இல்லாதபோது, பாடநூலில் இருப்பதெல்லாம் முக்கியமாகத் தெரியும். 10 பக்கம்தான் என்று ஆனதும், ஒவ்வொரு வரியையும் எழுதுவதற்கு முன் இது எனக்கு மறக்குமா, இதில் கேள்வி வருமா என்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

பொருளாதாரத்தில் இதற்கு நேர்மாறான வேலை. 18 பக்கத்தை 40 ஆக்க வேண்டும். பழைய நோட்டில் ஐந்தாண்டுத் திட்டங்கள் மட்டும் நன்றாக இருந்தன, முதல் திட்டம் 1951-இல் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டாவது 2017-இல் முடிந்தது வரை. அதற்குப் பிறகு வந்தவை இல்லை. நிதி ஆயோக் 2015 ஜனவரி 1-இல் அமைந்தது, சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது, நிதி ஆணையம் அரசியலமைப்பின் 280-ஆம் உறுப்பின்படி அமைக்கப்படுவது ஆகியவை சேர்ந்தன. தமிழக அரசின் நலத்திட்டங்களுக்கு முன்பு 2 பக்கமே இருந்தது. இப்போது திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், யாருக்கு, எவ்வளவு என்று நான்கு கட்டங்கள் போட்டு 8 பக்கம் எழுதினார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15, மாதம் 1,000 ரூபாய் என்பது போல ஒரு வரியில் ஒரு திட்டம். அவருக்கே கிடைக்கும் தொகைதான் அது. ஆனால் அது தேர்வுப் பாடம் என்று முன்பு தோன்றவே இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தக் கணக்கு எங்கே செல்லாது?

திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளுக்கு இதே விகிதத்தில் 50 பக்கம் குறிப்பு எழுதினால் அது வீண். அங்கே 15 கேள்வி கணக்கு, 10 கேள்வி காரணவியல். சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.வ., மீ.சி.ம., காலமும் வேலையும் ஆகியவற்றின் சூத்திரங்கள் எல்லாம் சேர்ந்து சில பக்கங்களில் அடங்கிவிடும். அங்கே மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டியது பயிற்சி நேரத்தைத்தான். தினமும் 25 கணக்கு என்று வைத்துக்கொண்டால், 15 கணக்கும் 10 காரணவியலும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பகுதியிலும் அப்படியே. அதன் 100 கேள்விகளில் எழுதும் திறன் 15, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் 15, எளிய மொழிபெயர்ப்பு 5 என 35 கேள்விகள் பழக்கத்தால் வருபவை. அவற்றுக்குக் குறிப்பு எழுத அதிகம் இல்லை. இலக்கணம் 25, சொல்லகராதி 15, கலைச்சொற்கள் 10, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் 15 என மீதி 65 கேள்விகளுக்குத்தான் குறிப்பு உதவும். இதற்குத் தனி நோட்டு வைத்து, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று 65 பக்கம் ஒதுக்கச் சொன்னோம். ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம் படித்தால் ஏழு நாளில் ஒரு சுற்று முடியும்.

எல்லை சரியா என்று சோதிப்பது

மதிப்பெண் பார்த்துப் பிரித்தது தொடக்கம்தான். ஒரு மாதம் கழித்து மாதிரித் தேர்வு எழுதி, தவறான கேள்விகளை அலகு வாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தவறுக்கும் ஒரே ஒரு கேள்வி: இதற்கான விடை என் நோட்டில் இருக்கிறதா, இல்லையா?

சகோதரிக்கு ஆட்சியியலின் 15 கேள்விகளில் 6 தவறாயின. உடனே அவர் ஆட்சியியலுக்கு இன்னும் பக்கம் வேண்டும் என்றார். நோட்டைத் திறந்து பார்த்தோம். 6-இல் 4 விடைகள் நோட்டிலேயே இருந்தன. எழுதியது மறந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மருந்து திரும்பப் படிப்பது, பக்கத்தைக் கூட்டுவது இல்லை. நோட்டில் இல்லாத 2 கேள்விகளும் உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து வந்தவை. அந்தத் தலைப்புக்கு மட்டும் ஒரு பக்கம் சேர்த்தோம். இப்படிச் சேர்ப்பதற்குத்தான் அந்த 50 காலிப் பக்கங்கள். தவறிய கேள்விகளும் அண்மைச் செய்திகளும் அங்கே போகும். ஒரு பக்கம் சேர்த்தால், நன்றாகத் தெரிந்த தலைப்பில் ஒரு பக்கத்தைத் திரும்பப் படிப்பதிலிருந்து நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் 450 நிமிடக் கணக்கு மெல்ல மெல்லக் கெட்டுப்போகும்.

இரண்டு ஏமாற்று வழிகளையும் பார்த்திருக்கிறோம். ஒன்று, எழுத்தைப் பொடியாக்கி ஒரு பக்கத்தில் மூன்று பக்கச் செய்தியை நுழைப்பது. எல்லையைத் தாண்டவில்லை என்று தோன்றும், ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்க 9 நிமிடம் ஆகும். மாதம் ஒருமுறை ஏதாவது ஐந்து பக்கங்களைக் கடிகாரம் வைத்துப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மற்றொன்று, ஒதுக்கிய பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று தெரிந்ததையே எழுதுவது. பட்டதாரிப் படிப்பில் வரலாறு படித்தவருக்கு 20 பக்கம் தேவைப்படாது. 12-இல் முடிந்தால் மீதி 8 காலியாகவே இருக்கட்டும். ஒதுக்கீடு என்பது மேல் வரம்பு மட்டுமே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இரவு வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தால் மகிழ்கிறோம், நோட்டு தடிமனாக இருந்தால் நன்றாகப் படிக்கிறது என்று நம்புகிறோம். இந்த வாரம் ஒருமுறை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த அலகுக்கு எத்தனை பக்கம் என்று சேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் கேள்வி எண்ணிக்கை, வலப்பக்கம் பக்க எண்ணிக்கை. பாடம் புரியாத அத்தாவும் அம்மாவும்கூட இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

அந்தச் சகோதரி புதிய நோட்டில் இப்போது 118-ஆம் பக்கத்தில் இருக்கிறார். அடுத்த தேர்வுக்கு முந்தைய பத்து இரவுகளில், இன்ஷா அல்லாஹ், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை புரட்டிவிடுவார். இதே கணக்கை உங்கள் நோட்டுக்குப் போட்டுப் பார்க்க உதவி தேவைப்பட்டால், பாடத்திட்டத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மாலை வகுப்பு நேரத்தில் வாருங்கள். சேர்ந்து எண்ணுவோம்.